தள்ளையும் பிள்ளையும்

என் அம்மா தன் சம்பந்தியை முதன்முதலாக வாய் நிறைய அழைத்தபோது, எதிரே இருந்தவர்களின் காதில் அது துவையல் என்று விழுந்தது.

அண்ணனுக்குப் பெண் கேட்டுக் கோட்டயம் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். பெண் கேட்டு என்பதே ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான். வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் அண்ணனும், அங்கேயே ஒரு கிளினிக்கில் வேலை பார்த்த அந்தப் பெண்ணும் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதுதான் பாக்கி. காலையில் போய்ச் சேர்ந்தவுடனே அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டு வைத்தார்கள். பெண்ணுக்கு அப்பா இல்லை. அவளுடைய அம்மாதான் ஓடி ஓடிப் பரிமாறினார். வீட்டுக்காரி நின்றுகொண்டிருக்கத் தான் உட்கார்ந்து சாப்பிடுவது என் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"சம்மந்தி, நீங்களும் எங்ககூட இருங்க" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. உள்ளே போய் ஒரு கிண்ணத்தோடு வந்து, அரைத்த மிளகாய்ச் சம்மந்தியை அம்மாவின் தட்டில் ஒரு கரண்டி வைத்தார்.

"ஐயோ, இல்ல சம்மந்தி!"

இன்னொரு கரண்டி விழுந்தது.

"சம்மந்தி, சம்மந்தி, போதும்!"

மூன்றாவது கரண்டி விழுவதற்குள் நான் மலையாளத்தில் குறுக்கே பாய்ந்தேன். துவையலுக்கு அவர்கள் சொல்லும் சொல்லும், மகளைக் கொடுத்த வீட்டாரை நாங்கள் அழைக்கும் சொல்லும் காதுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று விளக்கினேன். அந்த வீடே சிரித்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்த அம்மாவுக்கு, பாதித் தண்ணீர் மிளகாயால் வந்தது. அப்பா தன் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு, "இனி நீ அவியளக் கூப்பிடாண்டாம். எனக்கு வயிறு சரியில்ல" என்றார்.

கேரள எல்லையை ஒட்டிய கருங்கல் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் சித்தி வந்திருந்தால் முதல் கரண்டியிலேயே விஷயம் புரிந்திருக்கும். அங்கே துவையலுக்குச் சம்மந்தி என்றுதான் பெயர். அஞ்சுகிராமத்துக்காரியான அம்மாவுக்கு மலையாளம் தொலைக்காட்சியில் போகும் சத்தம், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவே நான் நின்றேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்கவும் மாட்டேன். அப்பா சுமை ஆட்டோவில் வாழைக்குலை ஏற்றுகிறவர். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அண்ணன் எட்டாம் வகுப்போடு பையை எறிந்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். திருவனந்தபுரத்தில் விடுதியில் தங்கிப் படித்தேன். மலையாள எழுத்தைப் பேருந்துப் பலகைகளில் கூட்டிக் கூட்டிப் படித்தேன். இப்போது ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. "எனக்க மவளுக்கு மூணு பாசை" என்று அம்மா சந்தையில் மீன்காரியிடம்கூடச் சொல்லுவாள். விலை குறையும் என்று நினைப்பாளோ என்னவோ.

மலையாளம் தமிழுக்குத் தூரத்து மொழியாக இருந்திருந்தால் என் வேலை எளிதாக இருந்திருக்கும். பக்கத்தில் இருப்பதுதான் சிக்கல். நம் சொல்லையே அவர்கள் வேறு இடத்தில் வைத்திருப்பார்கள்.

இதை விடுதியில் முதல் வாரமே கற்றுக்கொண்டேன். விடுதிக் காப்பாளர் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். மரியாதையாகக் கேட்கிறோம் என்று நினைத்து, "நிங்ஙள் எவிடெ போகுந்நு?" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். கோட்டயத்துக்காரியான என் அறைத்தோழி தலையில் அடித்துக்கொண்டாள். "அது பஸ்ஸில் சண்டை போடும்போது சொல்வது" என்றாள். நம் 'நீங்கள்' அங்கே போனால் மரியாதையை எல்லையிலேயே இறக்கி வைத்துவிடுகிறது. பெரியவர்களை அவர்கள் 'நீ' என்றும் சொல்வதில்லை, 'நிங்ஙள்' என்றும் சொல்வதில்லை. அந்த இடத்தில் உறவையோ பதவியையோ வைக்கிறார்கள். "டீச்சர் எங்கே போகிறது", "சேச்சி சாப்பிட்டதா", இப்படி. முகத்துக்கு நேரே நின்றுகொண்டு, வேறு யாரையோ பற்றி விசாரிப்பதுபோல் இருக்கும். பழகினால் அழகாகவும் இருக்கும்.

அந்தப் பக்கத்திலிருந்து வருவதற்கு வேறு கணக்கு. மலையாளத்தில் வினைச்சொல்லுக்கு ஆண், பெண், பெரியவர், சிறியவர் என்ற பேதம் கிடையாது. 'வந்நு' என்றால் வந்நுதான். அந்த ஒரே சொல்லில் நாயும் வரும், போதகரும் வருவார். தமிழில் நான்தான் முடிவு செய்ய வேண்டும்: வந்தானா, வந்தாரா, எங்கள் ஊர் மரியாதையில் வந்தாவளா. அவர்கள் கொடுக்காத மரியாதையை நான் என் கையிலிருந்து போட வேண்டும். போடாவிட்டால் அவர்கள் மனதில் இருக்கும் மரியாதை அம்மாவுக்கு வந்து சேராது.

கல்யாணம் முடிந்த பிறகு ஒரு தடவை வீடியோ அழைப்பில் மைனியின் (அண்ணன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவோம்) அம்மா, அதாவது எங்கள் சம்பந்தி, அண்ணனைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார். அழைப்பு முடிந்ததும் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அவன், அவன்னு சொல்லியாவளே. கட்டிக்குடுத்த மருமவன இப்படியா சொல்லுவாவ?"

"அதுக்கு முன்னால மோன்னு சொன்னாவளா இல்லியா?"

"சொன்னாவ."

"மோன்னா மவன். மவன நீ அவருன்னா சொல்லுவ?"

அம்மா யோசித்தாள். "அவன எதுக்கு அவருங்கணும்? மடையன்" என்றாள். அதோடு சமாதானமாகிவிட்டாள்.

ஆனால் நான் செய்தி சொல்லும்போது அந்த 'அவன்' எப்போதும் 'மாப்பிள்ளை' ஆகிவிடும். "மோன் விளிச்சோ?" என்று வந்தால், "மாப்பிள்ளை பேசினாவளான்னு கேக்காவ" என்பேன். இந்தப் பக்கமிருந்து அம்மா 'சம்மந்தி' என்றால், அங்கே 'சேச்சி' என்று போகும். அந்த வீட்டில் பிள்ளைகளைக் கொடுத்து எடுத்தவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடத் தனியாக ஒரு சொல் இல்லை. வயதைப் பார்த்து சேச்சி என்றோ, பெயரைச் சொல்லியோ கூப்பிட்டுக்கொள்வார்கள். அவரும் என் அம்மாவைச் சேச்சி என்றே அழைத்தார். இதில் அம்மாவுக்கு ஒரு குறை இருந்தது.

"சேச்சின்னா அக்காதானே? அவியளுக்கு என்னக் காட்டியும் வயசு கூட. பின்ன நான் எப்படி அக்கா?"

"மரியாதைக்குச் சொல்லியாவ."

"மரியாத இருக்கட்டும். வயசையும் கொஞ்சம் பாக்கச் சொல்லு."

சம்பந்தி என்ற சொல்லுக்கு வயது கிடையாது என்பதை அப்போதுதான் கவனித்தேன். அதில் அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. இரண்டு பேரும் ஒரே பலகையில் உட்காரும் சொல் அது. அதை நான் தினமும் அக்காவாக மாற்றிக்கொண்டிருந்தேன். வேறு வழியில்லை, துவையலாகப் போகவிட முடியாதே.

மைனி தலைப்பிரசவத்துக்கு வளைகுடாவிலிருந்து தன் அம்மா வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. அந்த நேரத்தில் அப்பாவுக்குக் குடலிறக்க அறுவை நடந்திருந்ததால் எங்களால் போக முடியவில்லை. அம்மா தன் பேத்தியைக் கைபேசியில்தான் பார்த்தாள். திரையை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு, "காத காட்டச் சொல்லு, காது எனக்க அப்பனப் போலயா இருக்கு?" என்பாள். நான் மொழிபெயர்ப்பேன். குழந்தையின் காது திரையில் வரும். "இல்ல, அவிய ஜாடதான்" என்று மனம்விட்டுக் கொடுப்பாள். பிறகு, "நெத்தி நம்ம நெத்தி" என்று ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்வாள்.

அம்மாவுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. குழந்தையின் ஞானஸ்நானம் எங்கள் சபையில் நடக்க வேண்டும். அண்ணனுக்கும் எனக்கும் தண்ணீர் தெளித்த அதே கல்தொட்டியில் பேத்திக்கும் நடக்க வேண்டும். அண்ணனுக்கு ஈஸ்டரை ஒட்டித்தான் விடுப்பு. அதற்கு அடுத்த ஞாயிறு என்று போதகரிடம் சொல்லிவைத்தாள். கொட்டாரம் கடைவீதியில் வெள்ளைத் துணி எடுத்து, அளவே தெரியாமல் ஒரு கவுன் தைக்கக் கொடுத்தாள். நான் இதைப் பக்குவமாக எழுதி அனுப்பினேன். "சேச்சியுடைய ஆசை அதுவானால் நான் குழந்தையைக் கொண்டு வராம்" என்று பதில் வந்தது. வராம் என்றால் வருகிறேன் என்று வாக்குக் கொடுப்பது. அம்மா அந்தச் சொல்லை மட்டும் மலையாளத்திலேயே வைத்துக்கொண்டாள். அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும், "வராம்னு சொல்லிட்டாவ" என்றாள்.

பள்ளியில் ஆண்டுத் தேர்வு தொடங்கியது. தேர்வு அறைக்குப் போகும்போது கைபேசியை அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். மத்தியானம் வாங்கிப் பார்த்தபோது சம்பந்தியிடமிருந்து மலையாளத்தில் ஒரு செய்தி வந்திருந்தது.

ஞானஸ்நானத்தை இங்கேயே நடத்திக்கொள்கிறோம், குழந்தைக்கு யாத்திரை ஒத்துக்கொள்ளாது. இவ்வளவுதான் அதில் இருந்தது.

செய்தியைவிட என்னைப் பயமுறுத்தியது அதில் இல்லாத ஒன்று. அவர் எனக்கு எழுதும்போது 'மோளே' என்று தொடங்குவார். அம்மாவைப் பற்றி ஒரு 'சேச்சி'யாவது இருக்கும். இதில் மோளும் இல்லை, சேச்சியும் இல்லை. உறவையே முன்னிலையாக வைத்துப் பேசுகிறவர்கள், உறவே இல்லாமல் ஒரு வாக்கியம் எழுதினால், அது கதவைச் சாத்துவதுதான்.

மைனியைக் கூப்பிட்டேன். அவள் என்னை 'நாத்தூனே' என்று அழைப்பாள். நம் நாத்தனார்தான் அது, கொஞ்சம் உருமாறி.

"நாத்தூனே, அம்மா ரொம்ப அழுது. உங்க அம்மா ஒரு வாய்ஸ் மெசேஜ் அயச்சு. என்ட அம்மய எதுக்கு அங்ஙனெ சொன்னது?"

"எப்படிச் சொன்னா?"

மைனி சொல்லத் தயங்கினாள். பிறகு தாழ்ந்த குரலில், "தள்ள நல்லா தின்னுதான்னு கேட்டு" என்றாள்.

பள்ளி வராந்தாவில் நின்றபடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவின் கைபேசியை வாங்கிக் கேட்டேன். சபைப் பெண்களின் வாட்ஸப் குழுவில் குரல் செய்தி அனுப்பிப் பழகியிருந்தாள், அந்தத் தைரியம். நான் இல்லாத நேரத்தில் தானே மைக்கை அழுத்திப் பிடித்துப் பேசியிருக்கிறாள். அவ்வளவு பாசமான குரல்:

"சம்மந்தி, நான்தான் பேசுகேன். மவ பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா. தள்ளையும் பிள்ளையும் சொகமா இருக்காவளா? தள்ள நல்லா திங்காளா? தள்ளைக்கு வயிறு வாடப்பிடாது, கேட்டியளா? நீங்க சீக்கிரம் பிள்ளையத் தூக்கிட்டு வந்துருங்க."

எங்கள் ஊரில் இதைவிட நல்ல நலம் விசாரிப்பு கிடையாது. பிரசவமான வீட்டுக்குள் நுழையும்போது யாரும் கேட்கும் முதல் கேள்வி தள்ளையும் பிள்ளையும் சுகமா என்பதுதான். தள்ளை என்றால் தாய். ஆனால் கோட்டயத்தில் ஒரு பெண்ணைத் தள்ள என்று சொன்னால், கிழவி என்பதைவிட மோசம். தின்னுவதும் அங்கே ஆடு மாடுகளுக்கு உரியது, மனிதர்கள் சாப்பிடுவதை அவர்கள் 'கழிப்பது' என்பார்கள். என் அம்மா விசாரித்தது மருமகளை. சம்பந்தி அந்தத் தள்ளை தானேதான் என்று நினைத்துவிட்டார். அவர் கொஞ்சம் தடித்த உடம்புக்காரர் வேறு. துவையலே, குழந்தை எப்படி இருக்கிறது, அந்தக் கிழடு நன்றாகக் கொட்டிக்கொள்கிறதா, அதன் தொந்தி வாடிவிடக் கூடாது, நீ சீக்கிரம் வந்து சேர். ஏறக்குறைய இப்படித்தான் அது அந்த வீட்டுக்குள் போய் இறங்கியிருக்கிறது. போதாததற்கு, பக்கத்து வீட்டுக்காரியும் கூட இருந்து கேட்டிருக்கிறாள்.

அம்மா புறவாசலில் சாளை மீன் அரிந்துகொண்டிருந்தாள். சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"தள்ளைன்னு சொன்னா தப்பா?"

"அங்க தப்பு."

"பின்ன எனக்க தள்ளைய நான் எப்படிச் சொல்லுவேன்?"

"ஒனக்க தள்ளைய நீ இங்க வச்சு சொல்லு. கோட்டயத்துக்கு அனுப்பாத."

அப்பா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "ஒனக்குத்தான் மூணு பாசை தெரிஞ்ச மவ இருக்காளே. அவ வாறது வர வாய வச்சிட்டுச் சும்மா இருக்க முடியாதா?"

"நீரு சும்மா கெடயும். பேத்தியப் பாக்கணும்னு ஒமக்கு இல்லியா?" என்றாள் அம்மா. மீன் கையோடு முகத்தைத் துடைக்க முடியாமல் தோளில் துடைத்துக்கொண்டாள். "வராம்னு சொன்னாவளே, மக்கா."

"நான் பேசுகேன். தெரியாம சொல்லிட்டாங்க, மன்னிச்சிருங்கன்னு சொல்லுகேன்."

அம்மா நிமிர்ந்தாள். "அப்படிச் சொல்லாத. நான் என்ன கெட்ட வார்த்தையா சொன்னேன்? நல்ல சொல்லுக்கு மாப்பு கேட்டா, அது கெட்ட சொல்லுன்னு ஆயிராதா? நான் மாப்பு கேட்டேன்னு மட்டும் நீ சொன்ன, பாத்துக்க."

எனக்குக் கோபம் வந்தது. பேத்தி வேண்டும், மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டாளாம். ஆனால் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மொழிபெயர்க்கிறவளுக்கு இதைவிடத் தெளிவான உத்தரவு கிடைக்காது. இதுவரை நான் அவளுடைய சொற்களுக்குச் சட்டை மாற்றித்தான் அனுப்பி வந்தேன். இந்தத் தடவை அவள் பேசினதைப் பேசினபடியே கொண்டுபோய் வைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாயங்காலத் தேநீர் நேரத்தில் கூப்பிட்டேன். கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தேன். அம்மா கோயிலுக்குக் கட்டிய சேலையை மாற்றாமல் எதிரே உட்கார்ந்தாள். முகம் தெரியாத அழைப்புக்கே அந்தச் சேலை.

சம்பந்தி எடுத்தார். "ஆ, பறயூ" என்றார். சொல்லுங்கள் என்று அர்த்தம். மோளே இல்லை.

மன்னிப்பு கேட்கவில்லை. அந்தச் சொல் எங்கள் ஊரில் என்ன என்று மட்டும் சொன்னேன். பெற்றவள் எவளும் எங்களுக்குத் தள்ளைதான், அதில் வயதோ இளக்காரமோ கிடையாது, அம்மா விசாரித்தது உங்களை அல்ல, மைனியை என்றேன். அதற்கு அவர் கேட்டது நான் எதிர்பாராதது.

"மோள்டெ அம்ம என்னெ சரிக்கும் எந்நா விளிக்குந்நெ? சேச்சின்னாணோ?"

உண்மையில் உன் அம்மா என்னை என்னவென்று கூப்பிடுகிறாள் என்று கேட்கிறார். வீடியோவில் ஒருநாளும் அம்மாவின் வாயில் சேச்சி என்ற சொல்லை அவர் கேட்டதில்லையாம். உன் செய்தியில் மட்டும் சேச்சி சேச்சி என்று வருகிறதே, அது அவளுடையதா உன்னுடையதா என்றார்.

"என்னுடையது" என்றேன். "அம்மா உங்களைச் சம்மந்தி என்றுதான் சொல்வாள்."

"சம்மந்தி" என்று, அன்று துவையலோடு சிரித்து மறந்த சொல்லை அவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். "அதினு அர்த்தம்?"

பிள்ளையைக் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் ஒருவரையொருவர் அழைப்பது, அதில் மூத்தவரும் கிடையாது, இளையவரும் கிடையாது என்றேன். அம்மாவுக்கு அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து பழக்கமில்லை. மலையாளம் நீண்டுகொண்டே போனதும் பொறுமை போய்விட்டது. மேசைமேல் குனிந்து கைபேசிக்குள் நேராகவே சத்தம் போட்டாள்.

"சம்மந்தி! நான் ரெண்டு பெத்த தள்ள. நீங்களும் தள்ள. இப்ப நம்ம பிள்ளையும் ஒரு தள்ள. இதுல என்ன தப்பு இருக்கு?"

நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். சமாதானம் பேசும் இடத்தில் மூன்று தடவை அதே சொல். மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அதற்குள் எதிர்முனையில் மைனியின் சிரிப்புக் கேட்டது. குழந்தையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். சம்பந்தி அவளை அடக்கிவிட்டு என்னிடம் கேட்டார்:

"அவர் தன்னத்தானேயா சொன்னது, தள்ளன்னு?"

"ஆமா."

தன்னைத்தானே ஒருத்தி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிழடு என்று சொல்லிக்கொள்ள மாட்டாள் அல்லவா. நான் அவ்வளவு நேரம் விளக்கியதில் அவருக்கு வராத நம்பிக்கை, அம்மாவின் அந்த ஒரு கத்தலில் வந்திருக்க வேண்டும். பிறகு அவருக்கே ஏதோ நினைவு வந்ததுபோல், "ஞங்ஙள்க்கும் உண்டல்லோ, தள்ளக்கோழி" என்றார்.

குஞ்சுகளோடு திரியும் கோழிக்கு அவர்கள் ஊரிலும் அதுதான் பெயர். அதில் யாருக்கும் கோபம் வருவதில்லை. அம்மாவுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"தள்ளக்கோழி! அதத்தான் நானும் சொல்லுகேன்! இங்கயும் தள்ளக்கோழிதான்!" என்று கைதட்டினாள்.

அதன் பிறகு இரண்டு பேரும் கோழிகளைப் பற்றிப் பேசினார்கள். அடைவைப்பது, கீரி தூக்குவது, பருந்துக்குக் குஞ்சுகளை மறைப்பது. ஒருவர் தமிழில், ஒருவர் மலையாளத்தில். நான் இடையில் புக முயன்றபோது அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். ஞானஸ்நானத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் நானே கேட்கலாம் என்று கைபேசியை எடுத்தபோது, "கவுனின் அளவு அனுப்பச் சொல் மோளே, குழந்தை வளர்ந்துபோயிருக்கிறாள்" என்று அவரே சொன்னார்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "என்ன சொல்லியாவ?"

"மோளேன்னு சொன்னாவ" என்றேன்.

"அது கெடக்கட்டும், வாறாவளா இல்லியா?"

"வாறாவ."

ஈஸ்டர் கழிந்து அண்ணன் விமானத்தில் வந்திறங்கி, நேரே கோட்டயம் போய், எல்லாருமாக ரயிலேறினார்கள். அன்று காலையில் நான் சோறு பொதிந்து பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மாவின் கைபேசிக்கு ஒரு குரல் செய்தி வந்தது. அம்மா அதை எடுத்து என்னிடம் நீட்டவில்லை. தானே காதில் வைத்தாள். எனக்கும் கேட்டது.

"சம்மந்தீ... தள்ளக்கோழீம் குஞ்ஞும் வண்டீல் கேறி."

"ரயில் ஏறிட்டா..." என்று தொடங்கினேன்.

"எனக்கு மனசிலாச்சு. நீ போ, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்றாள்.

எனக்குச் சற்றுச் சுருக்கென்றுதான் இருந்தது. மூன்று மொழி தெரிந்தவளை இப்படி ஒரு கோழி வேலையை விட்டு அனுப்பிவிட்டதே என்று. வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். அம்மா மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பதில் சொல்வதற்குத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறன்று பேத்தி தொட்டித் தண்ணீர் பட்டதும் வீரிட்டு அழுதாள். கவுன் அப்போதும் பெரிதாகத்தான் இருந்தது. ஆராதனை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் எல்லாரும் நின்றபோது போதகர் வந்து கைகூப்பினார். அம்மா சம்பந்தியின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, "இவிய எனக்க சம்மந்தி" என்றாள்.

சம்பந்தியும் சும்மா இருக்கவில்லை. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தமிழ் பேசிவிட்ட சந்தோஷத்தோடு, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தார்: "நான், தள்ளைக்க தள்ள."

போதகர் எங்கள் ஊர்க்காரர். "சந்தோசம்மா, சந்தோசம்" என்று குழந்தையின் தலையில் கைவைத்தார். ஆனால் சம்பந்தியோடு கோட்டயத்திலிருந்து கூட வந்த அவருடைய மூத்த சகோதரர், வெள்ளை முண்டும் சட்டையுமாக நின்றிருந்தவர், திடுக்கிட்டுவிட்டார். தன் தங்கை நடுச்சபையில் தன்னையே அப்படிச் சொல்லிக்கொண்டு சிரிப்பதையும், சுற்றியிருந்தவர்கள் அதற்குத் தலையாட்டுவதையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, எங்கள் பக்கத்தில் மலையாளம் தெரிந்த ஒரே ஆள் என்று யாரோ சொல்லிவைத்திருப்பார்கள்போல, விளக்கம் கேட்டு என் பக்கம் திரும்பினார்.

அப்போது பார்த்து எனக்கு மலையாளம் ஒரு சொல்கூடத் தெரியாமல் போயிற்று.